கண் மைக்கு முன்னால் ஒரு கடிதம்

கல்யாண நாள் விடிந்துவிட்டது. போன வாரம் வரை "நடக்குமா, நடக்காதா" என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் மூச்சு விடலாம். பதினெட்டு வாரமாக நாம் பின்தொடரும் இந்த வீட்டில், பதினோரு மணிக்குக் கல்யாண ஹாலில் பதிவாளர் முன்னிலையில் கையெழுத்து. ஹாலுக்கு நாற்காலிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. மணப்பெண் குளித்துவிட்டாள்.

புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. பெண், மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். அவளுடைய அண்ணன் அவளை "மாத்திரை" என்றுதான் கூப்பிடுவார். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அண்ணன் சூப்பர்வைசராக இருக்கும் அதே கம்பெனியில் வேலை. "நல்ல பையன், என் கீழ வேலை பார்க்கிறான், நான் கேரண்டி" என்று அண்ணன் கொண்டுவந்து நிறுத்திய சம்பந்தம். அண்ணி அழகுக் கலைஞர். சொந்தமாக ஒரு சின்ன பார்லர். இன்றைக்கு நாத்தனாருக்கு அலங்காரம் செய்யும் பொறுப்பும் அவளுடையதுதான்.

காலை ஏழு மணிக்கு அண்ணி சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். ஏழு முதல் எட்டு இருபது, முடி. எட்டரை, கடிதம். எட்டு ஐம்பது, கண் வீக்கத்துக்கு ஐஸ். ஒன்பது, முகம். கண் கடைசியில். பத்தேகாலுக்கு உடை. பத்தரைக்கு வாசலில் கார்.

"கடிதத்துக்கு இருபது நிமிஷமா அண்ணி?" மணப்பெண் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். "ஒரே ஒரு தாள்தானே?"

"படிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம். அழறதுக்கு அஞ்சு. மூக்கு செவப்பு போறதுக்குப் பத்து. எனக்குக் கணக்கு சொல்லித் தராத."

அது அனுபவக் கணக்கு. கல்யாணக் காலையில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிப் படிக்கிற ஜோடிகள் அவளிடம் நிறைய வருகிறார்கள். ஆரம்பத்தில் ஒரு பெண்ணுக்குக் கண் அலங்காரம் எல்லாம் முடிந்த பிறகு கடிதத்தைக் கொடுத்துவிட்டு, மை தாரை தாரையாக ஓடிய கன்னத்தைத் துடைத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு எடுத்த சபதம், முடி முடிந்த பிறகு, முகத்தில் ஒரு சொட்டு கிரீம் படுவதற்கு முன்பு. அந்த நேரம்தான் கடிதத்துக்கு.

இந்த ஜோடி போன மாதமே உட்கார்ந்து பேசி விதிகளை முடிவு செய்திருந்தது. ஆளுக்கு ஒரு தாள், இரண்டு பக்கம். கையால் எழுத வேண்டும். ஹாலில் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிற உறுதிமொழியை இதில் எழுதக் கூடாது; அது ஊருக்கு, இது ஒருத்தருக்கு. உறையை ஒட்டி முந்தின நாள் சாயங்காலமே கை மாற்றிவிட வேண்டும். காலையில் ஒரே நேரத்தில், தனித்தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வேண்டும். புகைப்படக்காரர் உறையை எடுக்கலாம், முகத்தை எடுக்கலாம், எழுத்தை எடுக்கக் கூடாது.

பெண்ணின் கடிதம் புகைப்படக்காரரிடம் போனது. அவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு இங்கே வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை கடிதம் நேற்று ஹாலில் அண்ணியின் கைக்கு வந்தது. வெள்ளை உறை. மேலே அவனுடைய கட்டை எழுத்தில், "எட்டரை மணிக்கு. தனியாக." அதை அவள் அலங்காரப் பெட்டியின் கீழ்த்தட்டில், பிரஷ்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

"உன் கையில நானே கொடுப்பேன். வேற யாரையும் தொடவிடமாட்டேன்" என்று நாத்தனாருக்கு வாக்கும் கொடுத்திருந்தாள். வாக்கு கொடுக்கிறபோது எல்லாம் சுலபமாகத்தான் இருக்கிறது.

எட்டு பத்துக்கு அவள் கணவர் கதவருகே வந்து நின்றார். முகம் சரியில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"கொஞ்சம் வர்றியா?"

"கையில முப்பது ஊசி இருக்குங்க."

"ஒரு நிமிஷம்."

சமையலறையில் அவர் கதவைச் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து மடித்த மஞ்சள் தாள்கள் இரண்டை எடுத்தார்.

"அந்த லெட்டரை அவகிட்ட கொடுக்காத."

"எந்த லெட்டரை?"

"ஸ்பேனர் எழுதின லெட்டர்." மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் வைத்த பெயர் அது. "அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அண்ணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "பெட்டியத் திறந்தீங்களா?"

"திறக்கல. இதப் பாரு."

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு ஒரு சர்வீஸ் பேடு உண்டு. வேலை முடிந்ததும் அதில் எழுதி, வெள்ளைத் தாளைக் கட்டடக்காரரிடம் கொடுப்பார்கள். அடியில் கார்பன் வைத்த மஞ்சள் தாள் ஆபீசுக்கு வரும். நம்முடைய மாப்பிள்ளைக்கு வெற்றுத் தாளைக் கண்டால் கை ஓடாது. கோடு போட்ட சர்வீஸ் பேடில்தான் எழுத்து வரும். காதல் கடிதத்தையும் அதில்தான் எழுதிப் பார்த்திருக்கிறான். வெள்ளைத் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு, நல்ல காகிதத்தில் பிரதி எடுத்து உறையில் போட்டான். மஞ்சள் தாள் அடியில் இருக்கிறது என்பதை மறந்து, லீவில் போகும்முன் பேடை அப்படியே ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நேற்று மாலை அதைப் புரட்டியவர் சூப்பர்வைசர். அதாவது, மணப்பெண்ணின் அண்ணன்.

"அது அவங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது. நான் படிக்கமாட்டேன்" என்று அண்ணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"படிக்க வேண்டாம், நான் சொல்றேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவனுக்கு வலிப்பு இருக்கு. ரெண்டு தடவை வந்திருக்கு. போன வருஷம் வீட்ல ஒண்ணு. மூணு வாரத்துக்கு முன்னாடி வேலை செய்யறப்போ ஒண்ணு. டாக்டர் மாத்திரை ஆரம்பிச்சிருக்கார். உயரத்துல ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். அதைத்தான் எழுதி வச்சிருக்கான். கல்யாணத்தன்னைக்குக் காலையில, கடுதாசியில!"

அண்ணி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாள் இந்த வீட்டில் டீ குடித்துவிட்டுப் போன பையன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவான்.

"ரெண்டாவது தாள்ல?"

"அது... மத்த விஷயம். காதல் அது இதுன்னு." அவர் மஞ்சள் தாள்களைப் பைக்குள் திணித்தார். "நான் பொய் சொல்லச் சொல்லல. லேட்டா கொடுன்னுதான் சொல்றேன். கையெழுத்து ஆகட்டும். சாயங்காலம் நிதானமா கொடு. இப்பக் கொடுத்தா என்ன ஆகும்? ஹால் நிறைய ஆளுங்க. அவ அழுதுகிட்டு உட்கார்ந்துடுவா. நல்ல பையனும் போயிடுவான், அவளும் நொந்துபோவா."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இப்படிப்பட்ட கடிதத்தில் எழுதக் கூடாத விஷயம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது அண்ணிக்கே தெரியும். படிக்கிறவளால் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. எழுதினவன் எதிரில் இல்லை. நேரமும் இல்லை. புதிய செய்தியை நேரில்தான் சொல்ல வேண்டும். கடிதத்தில் ஏற்கெனவே தெரிந்ததை அழகாகச் சொன்னால் போதும். இதை அவள் பார்லரில் எத்தனை பெண்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள்! மாப்பிள்ளைக்கு யார் எடுப்பது?

"யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

எட்டரை ஆனது. மணப்பெண் கண்ணாடி முன் கைகளை மடியில் கோத்துக்கொண்டு தயாராக இருந்தாள். பக்கத்தில் டிஷ்யூ பெட்டி, ஒரு டம்ளர் தண்ணீர். முடியும் கச்சிதமாக முடிந்திருந்தது.

"அண்ணி, எட்டரை."

"பின்னால ஒரு பிரி சரியா நிக்கல. இரு."

நன்றாக நின்றுகொண்டிருந்த பிரியைக் கலைத்தாள். ஊசியை எடுத்து, அதே இடத்தில் மறுபடி குத்தினாள். பதினைந்து வருடத் தொழிலில் அவள் செய்த முதல் மோசடி அது.

எட்டே முக்காலுக்குப் புகைப்படக்காரர் வந்து சேர்ந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, இரண்டு தோளிலும் காமிரா. வரும்போதே வாயெல்லாம் பல்.

"உங்க ஆளு கரெக்டா எட்டரைக்குப் பிரிச்சாரும்மா. ஜன்னலோரம் நின்னு படிச்சார். மூணு தடவை படிச்சார். கண்ணு ரெண்டும் குளம். நான் கதவுகிட்ட இருந்து ரெண்டே ரெண்டு படம் எடுத்துட்டு வெளிய வந்துட்டேன். நீங்க இன்னும் படிக்கலையா?"

மணப்பெண் அண்ணியைப் பார்த்தாள்.

"முடி செட் ஆகட்டும்" என்றாள் அண்ணி. "நீங்க போய் டீ குடிங்க."

எட்டு ஐம்பது. ஐஸ் துணிக்குள் உருகிக்கொண்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த தாளை இருவரும் பார்க்காதது மாதிரி பார்த்தார்கள்.

"அண்ணி." மணப்பெண்ணின் குரல் சின்னதாகிவிட்டது. "அவர் எழுதலையா?"

"என்ன பேச்சு இது?"

"இல்ல... எழுதறது அவருக்கு வராதுன்னு எனக்குத் தெரியும். வேண்டாம்னா விட்டுடலாம்னு நானே சொன்னேன். எழுதறேன்னு அவர்தான் பிடிவாதமா நின்னார். எழுத முடியாம போயிருந்தா பரவாயில்ல, நீங்க மறைக்க வேண்டாம். உறையில வெத்துத் தாள் இருந்தாக்கூட கொடுங்க."

அண்ணி திரும்பிப் பிரஷ்களை அடுக்கினாள். 'உன்னைப் பத்தி எவ்வளவு தப்பா நினைக்கிறா பாருடா, எழுதித் தொலைச்சவனே' என்று மனதுக்குள் திட்டினாள். திட்டு அவனுக்குத்தானா, தனக்கா என்று தெரியவில்லை.

"எழுதியிருக்கான். அஞ்சு நிமிஷம் கொடு" என்றாள்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் அவளுடைய போன் அடித்தது. மாப்பிள்ளை. இருவரும் ஹாலில் பார்க்கும் வரை ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்று ஏற்பாடு. அதனால் அவளுக்கு அடித்திருக்கிறான். அண்ணி பின் வராந்தாவுக்குப் போனாள்.

"அக்கா, படிச்சிட்டாளா?"

"ஏன் கேட்கிற?"

"ஒன்பது மணி ஆகுது, இன்னும் போன் வரல. வரலன்னா நல்லதுதான்..." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அதுல ஒரு முக்கியமான விஷயம் எழுதியிருக்கேன்க்கா. ஆட்சேபம் இருந்தா ஒன்பதரைக்குள்ள எனக்கு போன் பண்ணு, வரலன்னா சம்மதம்னு எடுத்துக்கறேன்னு எழுதியிருக்கேன். அதை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கேன்."

"என்னது?"

"எங்க சர்வீஸ் ரசீது அடியில அச்சடிச்சிருப்பாங்கக்கா. இருபத்து நாலு மணி நேரத்துல புகார் வரலன்னா வேலை திருப்தியா முடிஞ்சதா எடுத்துக்கப்படும்னு. அதே மாதிரி. அவளுக்கு வாயால 'வேண்டாம்'னு சொல்ல சங்கடமா இருக்கக் கூடாது பாருங்க, அதான்."

'வேண்டாம்' சொல்ல சங்கடம் வரக் கூடாதென்று, 'வேண்டாம்' சொல்ல மட்டும் போன் பண்ண வேண்டும் என்று வைத்திருக்கிறான்! இப்படி ஒரு ஏற்பாட்டை லிஃப்ட் மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். அண்ணிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். அவள் கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

"ஏன்டா, நேர்ல சொல்றதுக்கு என்ன?"

"மூணு தடவை அவ கடைக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் இருமல் மருந்து வாங்கிட்டு வந்துட்டேன்." சற்று நின்று, "இன்னைக்கு அவளோட லெட்டரைப் படிச்சேன்க்கா. 'உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது, நீங்க எதையும் மறைக்கறதில்ல'ன்னு எழுதியிருக்கா" என்றான்.

அண்ணி போனை வைத்தாள். கடிதத்தைத் தாமதிக்கிறோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால், அவள் பெட்டியில் பூட்டி வைத்திருப்பது நாத்தனாரின் பதிலை. ஒன்பதரை தாண்டினால், படிக்காத பெண் ஒருத்தி "எல்லாம் தெரியும், சம்மதம்" என்று சொன்னதாக ஆகிவிடும். அவனும் அதை நம்பிக் கையெழுத்துப் போடுவான்.

சமையலறையில் கணவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதரை விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

அவர் டம்ளரை வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரியும் என்று அர்த்தம்.

"நான் கொடுக்கப் போறேன்."

"வேண்டாம்னு சொன்னேன்ல? அவ வாழ்க்கைடி!"

"அவ வாழ்க்கைன்னுதான் சொல்றேன். உங்க அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சுன்னு எனக்கு எப்பச் சொன்னீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"கல்யாணம் ஆகி மூணாவது நாள். அவர் என்னைப் பார்த்து யாருன்னு கேட்டப்புறம். ஆறு வருஷம் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ராத்திரி கதவைத் திறந்துட்டுப் போறவரைத் தேடிப் பிடிச்சு... என்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"இன்னைக்குச் சொல்றேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் வந்திருப்பேங்க. ஆனா தெரிஞ்சு வந்திருப்பேன். அந்த ஒண்ணை நீங்க எனக்குத் தரல. அவளுக்கும் தரலன்னா எப்படி?"

ஒன்பது வருடமாக அவள் தேக்கி வைத்திருந்த வார்த்தை. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை, நகரவும் இல்லை. அவள்தான் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஒன்பது பன்னிரண்டுக்குப் பெட்டியைத் திறந்து உறையை எடுத்தாள்.

"இந்தா. தாமதம் என்னாலதான், அவனால இல்ல. தனியா படி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்க. ஆனா ஒன்பதரைக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் படிச்சிடு."

"அண்ணி, உங்க முகம் ஏன் இப்படி இருக்கு?"

"படி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

புகைப்படக்காரர் காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கதவு இடுக்குல ஒரே ஒரு ஷாட்..."

"இல்லம்மா. இது வேண்டாம்."

அந்தப் பெண்மணி எத்தனையோ கல்யாண வீட்டைப் பார்த்தவர். மறுபேச்சு இல்லாமல் காமிராவுக்கு மூடி போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அறைக்குள் சத்தமே இல்லை. அண்ணி ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் கணவர் வந்து எதிர்ப் பக்கச் சுவரில் சாய்ந்தார். ஒரு தடவை தாளைத் திருப்பும் ஓசை கேட்டது. அப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டதை அண்ணி கவனித்தாள். முதல் பக்கத்துக்கு இவ்வளவு பயப்படாத மனிதர், காதல் எழுதியிருக்கும் பக்கத்துக்கு ஏன் இப்படி வெளிறிப்போகிறார்?

ஒன்பது இருபத்தாறுக்குக் கதவு திறந்தது. அவள் அழுதிருந்தாள், ஆனால் அழுது முடித்திருந்தாள். முடி கலையவில்லை. கையில் கடிதம், இன்னொரு கையில் போன். அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே எண்ணைத் தட்டினாள்.

ஒரே மணியில் அவன் எடுத்துவிட்டான்.

"சொல்லு" என்ற குரல் வராந்தா வரை கேட்டது. உயிர் இல்லாத குரல். ஒன்பதரைக்குள் போன் வந்தால் என்ன அர்த்தம் என்று எழுதி வைத்தவன் அவன்தானே.

"என்ன மாத்திரை கொடுத்திருக்காங்க?"

"ஆங்?"

"பேரைப் படிங்க. எத்தனை மில்லிகிராம்?"

அவன் தட்டுத் தடுமாறிப் படித்தான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"இன்னைக்குக் காலையில போட்டீங்களா?"

"அது வந்து..."

"போட்டீங்களா, இல்லையா?"

"தூக்கம் வருதுன்னு... போட்டோவுல கண்ணு சொருகினா மாதிரி இருக்கும்னு..."

"உங்களுக்குப் பைத்தியமா?" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஒரு வேளை விட்டாக்கூட மறுபடி வரலாம்னு உங்களுக்கு டாக்டர் சொல்லலையா? முதல்ல ஏதாவது சாப்பிடுங்க, உடனே மாத்திரையைப் போடுங்க. வண்டியைத் தொடாதீங்க. யாரையாவது ஓட்டச் சொல்லி ஹாலுக்கு வாங்க."

"அப்ப... சம்மதமா?"

"பேசாம இருந்தா சம்மதம்ங்கறதெல்லாம் லிஃப்டுக்கு வச்சுக்குங்க. எனக்கு வாய் இருக்கு. உங்களுக்கும் இருக்கு. பத்தே முக்காலுக்கு ஹால்ல, எனக்கு எதிர்ல உட்கார்ந்து, இதுல எழுதினதை எல்லாம் வாயால சொல்லுங்க. நான் கேள்வி கேட்பேன். அப்புறம் என் பதிலை நான் சொல்றேன்."

போனை அணைத்தாள். அண்ணி அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். அவள் லேசாகக் கையை உயர்த்தித் தடுத்தாள். கோபம் இல்லை, வரிசையில் இன்னொரு வேலை பாக்கி இருந்தது.

"அண்ணி, இந்த ரெண்டாம் பக்கத்தைப் படிங்க. உங்களுக்கும் தெரியணும்."

அண்ணி வாங்கினாள். நல்ல காகிதத்தில், கோடு இல்லாததால் மேலும் கீழுமாக அலைந்த எழுத்து.

"உன் அண்ணன் மேல் கோபப்படாதே. லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும் என்பது விதி. அன்று ஆள் இல்லாததால் என்னைத் தனியாக அனுப்பினார். நான் மயங்கி விழுந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கைகால் வெட்டி இழுத்ததை வாட்ச்மேன் பார்த்துச் சொன்னார். உன் அண்ணன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார், இரண்டு நாள் கூடவே இருந்தார். விபத்துப் பதிவேட்டில் ஏணி வழுக்கியது என்று எழுதினார். நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். கல்யாணம் முடியட்டும், பிறகு உன்னிடம் சொல்லலாம் என்றார். எனக்கு அது முடியவில்லை. உன்னிடம் மட்டும் முடியவில்லை."

அண்ணி நிமிர்ந்தாள். கணவர் அவள் கண்ணைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். காதல் அது இது என்று சொன்னாரே, இதுதான் அது. நல்ல பையன் போய்விடுவான் என்ற பயமும் உண்மைதான், தன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயமும் உண்மைதான். இரண்டில் எது பெரியது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அண்ணிக்கு அவர் மேல் ஆத்திரமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம்தான் கொஞ்சம் கூட.

"அண்ணா" என்றாள் தங்கை. "அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனியே, அதுக்கு நான் உன் காலைத் தொடுவேன். ஆனா அந்த நோட்டுல ஏணின்னு எழுதியிருக்கே, அது இன்னும் அப்படியேதானே இருக்கு?"

"அதுக்கப்புறம் நான் அவனை மேல ஏத்தவே இல்ல, மாத்திரை. கீழ்வேலைதான் கொடுக்கிறேன். நான் பார்த்துக்கறேன்."

"நீ ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தா? உன் இடத்துக்கு வர்றவனுக்கு ஏணி வழுக்கின கதைதான் தெரியும். 'நல்லாத்தானே இருக்கே, ஏறுடா'ம்பான். இவரும் வாயைத் திறக்காம ஏறிடுவார். இவரைப் பத்தி நமக்குத் தெரியாதா?"

"எழுதினா எனக்கு வேலை போயிடும்."

"போகலாம். எனக்குத் தெரியல." அவள் கண்ணில் மறுபடி நீர் கட்டியது. துடைக்கவில்லை. "ஆபீஸ் சாவி உன்கிட்டதானே இருக்கு? போக வர நாற்பது நிமிஷம். பதினோரு மணிக்குப் பதிவாளர் புஸ்தகத்துல நான் கையெழுத்துப் போடணும்னா, அதுக்கு முன்னாடி நீ உன் புஸ்தகத்துல உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வா. அவரோட நோயை நான் ஏத்துக்கலாம்ணா. பொய்யோட சேர்த்து ஏத்துக்க முடியாது."

மணி ஒன்பது நாற்பது. அண்ணன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடி மேஜை மேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்தார். மனைவியைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

அண்ணி ஜன்னலுக்கு ஓடினாள். தெருமுனையில் இடது பக்கம் போனால் ஆபீஸ், வலது பக்கம் ஹால். கல்யாணமான இந்த ஒன்பது வருடத்தில் அந்த மனிதர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவளுக்கு இப்படிப் பயம் வந்ததே இல்லை. வேலை போனாலும் போகட்டும், இடது பக்கம் திரும்பு, இடது பக்கம் திரும்பு என்று உதட்டுக்குள் கெஞ்சினாள்.

அவர் ஸ்கூட்டரில் தெருமுனை வரை போனார். வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.